பிரஷர் மாத்திரையைக் காலையிலிருந்து ராத்திரிக்கு மாற்றலாமா? ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 67. ஆறேழு வருஷமாகப் பிரஷர் இருக்கிறது. அம்லோடிபின் 5, டெல்மிசார்ட்டன் 40, ரெண்டும் ஒவ்வொன்று, காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம். இங்கே குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில்தான் மாதாமாதம் வாங்குகிறோம். சர்க்கரை இல்லை, கிட்னி பரிசோதனை நன்றாக இருக்கிறது.

வீட்டில் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம். காலையில் பார்த்தால் 150, 152 என்று காட்டுகிறது. சாயந்திரம் அதே ஆளுக்கு 128, 130. தினமும் இப்படித்தான். இதற்கு நடுவில் கோயமுத்தூரில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி அனுப்பினான். "ராத்திரி படுக்கப் போகும்போது பிரஷர் மாத்திரை போட்டால் மாரடைப்பு பாதியாகக் குறையும், ஸ்பெயினில் 19,000 பேரிடம் நிரூபித்துவிட்டார்கள்" என்று. அப்பாவும் அதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாற்றிவிடலாம் என்கிறார். கேந்திரத்து டாக்டரிடம் கேட்க அடுத்த முறை மாத்திரை வாங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வு உண்மையா? உண்மை என்றால் இத்தனை நாள் டாக்டர்கள் ஏன் காலையில் போடச் சொன்னார்கள்?

வேலந்தாவளம் சுப்பு

அம்மணி, செய்தி பொய் இல்லை. நான் முப்பது வருஷம் மெடிக்கல் ஷாப்பில் இருந்தவன். ஆய்வின் பெயர் ஹைஜியா. ஸ்பெயின் நாட்டில் ஹெர்மிடா என்பவர் தலைமையில் நடந்தது, 2019ல் ஐரோப்பிய இதய மருத்துவப் பத்திரிகையில் வந்தது. 19,084 பேர், ஆறு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். ராத்திரி போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து 45 சதவீதம் குறைவு.

காரணமும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்திருக்கும் நேரத்தில் பிரஷர் சட்டென்று ஏறும். மாரடைப்பு அதிகம் வருவதும் அந்த நேரத்தில்தான். காலை 8 மணிக்குப் போட்ட மாத்திரை மறுநாள் விடியும்போது தீர்ந்துபோயிருக்கும். உங்க அப்பாவுக்குக் காலையில் 152, சாயந்திரம் 128 என்றால் அதுவே சாட்சி. ராத்திரிக்கு மாற்றுங்கள், காலை அளவு இறங்கும். கண்ணால் பார்ப்பீர்கள்.

மீனாட்சிபுரம் மணி

எனக்கும் டாக்டர் ராத்திரிதான் போடச் சொன்னார். ராத்திரியில்தான் கல்லீரல் கொழுப்பு செய்யுமாம், அதனால் படுக்கும்போது போட்டால்தான் வேலை செய்யும் என்றார். பத்து வருஷமாக அப்படித்தான். தாராளமாக மாற்றுங்க.

சித்தூர் மருத்துவர்

மணி அண்ணா, நீங்கள் சொல்வது கொலஸ்ட்ரால் மாத்திரை. சிம்வாஸ்டாட்டின் மாதிரி சீக்கிரம் கரைந்து போகிறவற்றை ராத்திரி போடச் சொல்வோம், அதில் அர்த்தம் இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே கேட்டிருப்பது பிரஷர் மாத்திரை, அது வேறு கணக்கு.

(நம் சித்தூர், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரா நண்பர்களும் இங்கே இருப்பதால் சொல்கிறேன்.)

சுப்பு அண்ணா ஹைஜியா பற்றிச் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த எண்களை அப்படியே நம்ப முடியாததற்குக் காரணம் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி போட்டவர்களின் தூக்க நேரத்து மேல் அளவு சராசரி 114.7. காலையில் போட்டவர்களுக்கு 118. வித்தியாசம் மூன்று புள்ளி சொச்சம். பகல் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இப்போது இதையும் பாருங்கள்: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மேல் அளவை முழுதாகப் பத்து புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் வகை ஆபத்து சுமார் 20 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. பத்து புள்ளிக்கு 20 சதவீதம் என்றால், தூக்கத்தில் மட்டும் மூன்று புள்ளிக்கு 45 சதவீதம் எப்படி வரும்? மாத்திரை அதே மாத்திரை, அளவும் அதே அளவு.

இந்தக் கேள்வியை உலகம் முழுக்க இரத்த அழுத்த நிபுணர்கள் கேட்டார்கள். யார் காலை அணி, யார் இரவு அணி என்று நோயாளிகளைப் பிரித்த முறை பற்றியும் தெளிவு போதவில்லை என்றார்கள். கடைசியில் அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே அதன்மேல் எச்சரிக்கைக் குறிப்பு வைத்தது. வாட்ஸ்ஆப் செய்தியில் இந்தப் பகுதி இருக்காது.

வேலந்தாவளம் சுப்பு

டாக்டர் தம்பி, சந்தேகம் கேட்பது சுலபம். 19,000 பேரை ஆறு வருஷம் கவனித்த ஒருவரை, கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிவிட முடியுமா? அதே அளவுக்கு வேறு யாராவது செய்து பார்த்துத் தப்பு என்று காட்டினார்களா?

சித்தூர் மருத்துவர்

காட்டினார்கள். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் டண்டீ பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுக்கு டைம் என்று பெயர். 2022 அக்டோபரில் லான்செட்டில் வந்தது. 21,104 பேர், ஹைஜியாவைவிடப் பெரியது. ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் காலை 6 முதல் 10 மணிக்குள், மீதிப் பேர் இரவு 8 முதல் 12 மணிக்குள் அதே மாத்திரையைப் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பு அல்லது பக்கவாதத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், இரத்தக் குழாய் நோயால் இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து இரவு அணியில் 362 பேர், காலை அணியில் 390 பேர். ஒவ்வொரு அணியிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும்போது இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். நேரம் மாறினால் பலன் மாறும் என்று சொல்ல இடமில்லை.

அப்புறம் கனடாவில் பெட்மெட் என்று ஒன்று. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஸ்காட் காரிசன் நடத்தியது, 3,357 பேர், சாதாரணக் குடும்ப மருத்துவர்களிடம் வருகிற நோயாளிகள். 2025ல் வெளிவந்தது. அதிலும் வித்தியாசம் இல்லை. முதியோர் இல்லங்களில் இருக்கும் தளர்ந்தவர்களுக்கென்று அதே குழு தனியாக ஒன்று நடத்தியது. அங்கும் அதே கதைதான். ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2024 வழிகாட்டுதலில் இந்த விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டது: நோயாளிக்கு எந்த நேரம் வசதியோ அந்த நேரத்தில், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

செங்கோட்டை ரயில்காரன்

டைம் ஆய்வில் இரவு அணிக்காரர்கள் உண்மையிலேயே இரவில் போட்டார்களா என்று யார் பார்த்தார்கள்? வீட்டில் இருக்கிற ஆளை நம்பித்தானே?

சித்தூர் மருத்துவர்

நம்பித்தான். இணையம் வழியாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். சொன்ன நேரத்தை விட்டுவிட்டேன் என்று ஏதாவது ஒரு கட்டத்தில் சொன்னவர்கள் இரவு அணியில் 39 சதவீதம். காலை அணியில் 22.5.

வேலந்தாவளம் சுப்பு

பார்த்தீர்களா! நூற்றுக்கு நாற்பது பேர் ராத்திரி போடாமல் விட்டிருக்கிறார்கள். அப்புறம் ராத்திரியில் பலன் இல்லை என்றால் எப்படி? ஒழுங்காகப் போட்டிருந்தால் ஹைஜியா சொன்ன 45 சதவீதம் வந்திருக்கும்.

சித்தூர் மருத்துவர்

அண்ணா, இந்த ஆய்வின்மேல் வைக்கக்கூடிய உருப்படியான ஆட்சேபம் இதுதான், நான் மறுக்க மாட்டேன். ஆனால் இதைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 39 சதவீதம் பேர் ஒரு நாளும் இரவில் போடவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம் (அப்படி இல்லை, பலர் கொஞ்ச நாள் போட்டுவிட்டு விட்டவர்கள்). மீதி 61 சதவீதம் பேருக்கு ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தால், மொத்த அணியிலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். அதாவது 390க்குப் பக்கத்தில் 280, 290 என்று எண் வந்திருக்க வேண்டும். வந்தது 362.

இன்னொன்று. இரவு அணிக்காரர்கள் மாத்திரையை மாற்றிப் போட்டார்கள் என்பதற்கு அவர்கள் வீட்டு அளவுகளே ஆதாரம். அதைச் சொல்லத்தான் வந்தேன், ஏனென்றால் கொழிஞ்சாம்பாறை அக்கா கேட்டதற்கு நேரடியான பதில் அங்கேதான் இருக்கிறது. இரவில் போட்டவர்களுக்குக் காலை அளவு மற்றவர்களைவிட 1.8 புள்ளி குறைவு. ஆனால் சாயந்திர அளவு 1.1 புள்ளி அதிகம். புரிகிறதா? மாத்திரையின் பலம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்கிறது, கூடவில்லை. காலையில் மட்டும் மெஷினைக் கட்டிப் பார்க்கிறவர்களுக்கு "ராத்திரிக்கு மாற்றினேன், பிரஷர் இறங்கிவிட்டது" என்று தோன்றும். சாயந்திரமும் பார்த்தால்தான் மீதிக் கணக்கு தெரியும். சுப்பு அண்ணா "கண்ணால் பார்ப்பீர்கள்" என்றது இதைத்தான். பார்ப்பது உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் சரியில்லை.

அப்புறம், நேரத்தை மாற்றி நகர்த்த முடிவது சராசரியாக ஒன்று, இரண்டு புள்ளி. அப்பாவுக்குக் காலைக்கும் சாயந்திரத்துக்கும் இருப்பது 20 புள்ளிக்கு மேல். அது மாத்திரை தீர்ந்துபோவதால் மட்டும் வருகிற வித்தியாசம் இல்லை. அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். காலையில் போட்டது மறுநாள் விடியலில் இருக்கத்தான் செய்யும். டெல்மிசார்ட்டனும் ஒரு நாள் தாங்குகிற வகை. லோசார்ட்டன் மாதிரி சீக்கிரம் இறங்குகிற மாத்திரையை ஒரு வேளை மட்டும் போடுகிறவருக்கு என்றால் சுப்பு அண்ணாவின் விளக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் எடை இருந்திருக்கும்.

அக்கா, ஒரு விஷயம் சொல்லுங்கள். காலையில் எப்போது, எப்படிப் பார்க்கிறீர்கள்?

மூணாறு செல்வி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கதையைச் சொன்னால் யாருக்காவது உதவும். எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம், கக்கூஸ் வீட்டுக்கு வெளியே. எனக்கு டெல்மிசார்ட்டனோடு நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ராத்திரி போட ஆரம்பித்தேன். ராத்திரி மூன்று முறை எழுந்து வெளியே போக வேண்டி வந்தது. மூணாறு குளிர் தெரியும்தானே. ஒரு நாள் இருட்டில் படி தவறி விழுந்து மணிக்கட்டு வீங்கிப் போச்சு. நர்ஸ் சிஸ்டர் பார்த்துவிட்டு, இந்த மாத்திரையில் நீர் மாத்திரை இருக்கிறது, காலையிலேயே போடுங்க சேச்சி என்றார். இப்போது காலை தான். பிரஷர் முன்னாடி எப்படியோ அப்படியே இருக்கு.

சித்தூர் மருத்துவர்

செல்வி அக்கா சொன்னது முக்கியம். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் இந்த இரண்டு பெயரில் ஒன்று அட்டையில் இருந்தால் அதில் நீர் மாத்திரை கலந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்று ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இதுதான். அதைக் காலையில் போடுவதே நல்லது. டைம் ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் இரவு அணியில் கீழே விழுவது கூடவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் டண்டீயில் கக்கூஸ் படுக்கையறைக்குப் பக்கத்தில். நம் லயங்களிலும் தோட்டத்து வீடுகளிலும் அப்படி இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரி

டாக்டர் தம்பி கேட்டதற்கு: அப்பா நாலரைக்கு எழுந்துவிடுவார். இரண்டு மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். அந்தச் சமயத்தில் நான் மெஷினைக் கொண்டுபோய்க் கட்டுவேன். ஆறரை மணி இருக்கும். குளிராக இருந்தால் சட்டைக் கையின் மேலேயே கட்டுவது. பட்டை ஒரு முறை ஏறி இறங்கினால் முடிந்தது. சாயந்திரம் குளித்துவிட்டு டிவி முன்னால் நாற்காலியில் இருக்கும்போது.

சித்தூர் மருத்துவர்

அப்படியானால் காலை 152ஐ இப்போதைக்குக் கணக்கில் எடுக்காதீர்கள். நடந்து வந்த சூடு, காபி, சட்டைத் துணி, கை தொங்கல், எல்லாமே எண்ணை ஏற்றிக் காட்டும். சாயந்திர எண் ஓய்வாக இருக்கும்போது எடுத்தது. இரண்டையும் ஒப்பிட முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் முன்னால், மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாய்த்து நாற்காலியில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கால் தரையில். கையை மேஜைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்து, வெறும் கையில் கட்டுங்கள். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். சாயந்திரமும் இதே மாதிரி. ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். சில பேருக்கு இன்னும் கீழே கொண்டுபோகச் சொல்வார்கள், அதை அவர் டாக்டர் தீர்மானிப்பார்.

இன்னொரு வேலை: மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசியில் எத்தனை மீதி?

நகரி வாத்தியார்

சித்தூர் என்றதும் எங்கள் மாவட்டம் என்று நினைத்தேன். நாங்கள் நகரியில், ஆந்திரா பக்கம். அம்மாவுக்குக் கண் பிரஷர் இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறோம். கண் டாக்டர் "ராத்திரி பிரஷர் மாத்திரை வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னார். இந்த ஆய்வுகளில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் அவர் சொல்வதை விட்டுவிடலாமா?

சித்தூர் மருத்துவர்

வாத்தியார் ஐயா, விட வேண்டாம். தூக்கத்தில் பெரும்பாலோருக்குப் பிரஷர் பத்து முதல் இருபது சதவீதம் தானாக இறங்கும். அதோடு மாத்திரையின் உச்ச பலமும் அதே நேரத்தில் சேர்ந்தால், கண் நரம்புக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடுமோ என்பதுதான் கண் மருத்துவர்களின் பயம். பெட்மெட்டில் கண் பாதிப்பையும் கவனித்தார்கள், இரவு அணியில் அது கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் பொதுவான நோயாளிகள். ஏற்கனவே கண் நரம்பு பாதித்த உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் மட்டும் அல்ல. இரவில் போடுவதால் தனியாக லாபம் எதுவும் இல்லை என்று ஆன பிறகு, கண் டாக்டரின் எச்சரிக்கையை மீற ஒரு காரணமும் இல்லை.

செங்கோட்டை ரயில்காரன்

எனக்கு வாரம் மாற்றி வாரம் நைட் டியூட்டி. நான் எதைக் காலை என்று எடுத்துக்கொள்வது?

சித்தூர் மருத்துவர்

உங்கள் மாதிரி ஷிஃப்ட் ஆட்களுக்கென்று பெரிய ஆய்வு கிடையாது. நடைமுறைக்கு, டியூட்டி எதுவானாலும் நீங்கள் கட்டாயம் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் ஆறு மணி என்றால் ஆறு மணி. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் ராத்திரி என்று இழுக்காதீர்கள்.

வேலந்தாவளம் சுப்பு

எல்லாம் சரி தம்பி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சில பேருக்குத் தூக்கத்தில் பிரஷர் இறங்காது, நீங்களே பார்த்திருப்பீர்கள். கிட்னி பழுதான ஆட்கள், குறட்டை விட்டு மூச்சு நிற்கிற ஆட்கள். 24 மணி நேர மெஷின் கட்டிப் பார்த்தால் ராத்திரியில் 140 இருக்கும். அவர்களுக்கும் ராத்திரி மாத்திரை வீண் என்கிறீர்களா?

சித்தூர் மருத்துவர்

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். டைம், பெட்மெட் இரண்டுமே ராத்திரி அளவு அதிகம் இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்தவை அல்ல. தூக்கத்தில் 120/70க்கு மேல் இருப்பது நல்லதல்ல என்பதிலும் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு மாத்திரையை ராத்திரிக்கு நகர்த்திப் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ராத்திரி எண் கொஞ்சம் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அந்த இறக்கத்தால் பக்கவாதம் குறைகிறதா என்று காட்டிய, நம்பும்படியான ஆய்வு எனக்குத் தெரிந்து இன்னும் இல்லை. அவர்களிடம் நான் முதலில் பார்ப்பது குறட்டை, உப்பு, கிட்னி, போதாத டோஸ். நேரம் அதற்கு அப்புறம்தான்.

வேலந்தாவளம் சுப்பு

நான் இன்னும் ராத்திரி பக்கம்தான். எண் இறங்கினால் நல்லது நடக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் பாதியாகக் குறையும் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

சொன்ன மாதிரியே ஒரு வாரம் பார்த்தோம். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போட்டேன். காலை 137/82, சாயந்திரம் 129/76. இரண்டும் சேர்த்து 133/79. 152 ஒரு நாளும் வரவில்லை.

ஆனால் மாத்திரை அட்டை வேறு கதை சொல்கிறது. மாதக் கடைசியில் கிட்டத்தட்ட ஒரு ஸ்ட்ரிப் மீதி இருக்கிறது, இரண்டு மாத்திரையிலும். கேட்டதற்குத்தான் சொன்னார்: செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் நாளில் விடியற்காலையிலேயே லாரியில் ஏறிவிடுவார். காலைச் சாப்பாடு சந்தையில். மாத்திரை வீட்டு அலமாரியில். திரும்பி வர மதியம் தாண்டிவிடும், "போனது போகட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவாராம். இத்தனை நாள் அம்மாவுக்கும் தெரியாது.

இப்போது என்ன செய்வது? ராத்திரிச் சாப்பாடு மட்டும் எந்த நாளும் வீட்டில்தான், எட்டரைக்கு, அம்மா பரிமாறி.

சித்தூர் மருத்துவர்

அக்கா, இப்போது நான் ராத்திரிக்கு மாற்றுவதை ஆதரிக்கிறேன். ஹைஜியாவுக்காக இல்லை. வாரத்தில் இரண்டு நாள் போடாமல் இருப்பவருக்கு, ஏழு நாளும் போட முடிகிற நேரம்தான் நல்ல நேரம். பொதுவாக இரவில்தான் ஆட்கள் அதிகம் மறக்கிறார்கள், அந்த 39 சதவீதம் அதைத்தான் காட்டுகிறது. உங்கள் வீட்டில் அது தலைகீழாக இருக்கிறது. அவருடைய மாத்திரையில் நீர் மாத்திரை இல்லை, கண் பிரச்சினை சொல்லவில்லை. கேந்திரத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இந்த எண்கள் எழுதிய தாளையும் மீதி அட்டையையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மீதி மாத்திரையை மறைக்க வேண்டாம். அது தெரியாவிட்டால் டாக்டர் டோஸ் போதவில்லை என்று நினைத்து 40ஐ 80 ஆக்கிவிடுவார். அப்பா அதையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் தலைசுற்றும்.

மாற்றும் நாளில் ஒரே நாளில் இரண்டு வேளை போட வேண்டாம். இன்று காலை வழக்கம்போல, அடுத்தது நாளை இரவு. இந்த இரண்டு மாத்திரைக்கும் அந்த இடைவெளி தாங்கும். பிரசோசின், மெட்டோபுரோலால் மாதிரி வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முதல் ஒரு வாரம் ராத்திரி எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். நாலரைக்குத் தொழுவத்துக்குப் போகும்போதும் அதே மாதிரி. காலையில் நின்றதும் கண் இருட்டினால் நின்றுகொண்டே ஒரு முறை பிரஷர் பாருங்கள். உட்கார்ந்த அளவைவிட 20 புள்ளி இறங்கினால் உடனே கேந்திரத்தில் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் மணி

அப்போ என் கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின் தான். அதையும் இவர் மாதிரி சாப்பாட்டு நேரம் பார்த்து வைத்துக்கொள்ளலாமா?

சித்தூர் மருத்துவர்

வைத்துக்கொள்ளலாம் அண்ணா. பத்து வருஷமாக ராத்திரி மறக்காமல் போடுகிறீர்கள் என்றால் மாற்றவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி

கேந்திரத்தில் கேட்டுவிட்டோம். டாக்டர் சரி என்றார், டோஸை மாற்றவில்லை. இரண்டு அட்டையும் இப்போது சோற்றுக் குண்டான் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாதம் போனதும் மறுபடியும் காலை, சாயந்திரம் இரண்டு வேளையும் ஒரு வாரம் எடுத்து எண்களை இங்கே போடுகிறேன். காலை அளவு மட்டும் போட்டால் சுப்பு அண்ணா ஜெயித்துவிடுவார் என்று அப்பா சொல்கிறார்.